மழைக்குள் சொன்ன நன்றி

நலன்புரிக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, குழுவுக்குள் காலடி வைத்ததும் உங்கள் தலையில் கட்டப்படும் வேலை எதுவென்று எனக்குத் தெரியும். கம்பனியின் குடும்ப நாள் நிகழ்ச்சிநிரலின் அடியில் கிடக்கும் நன்றியுரை. விளையாட்டுப் போட்டிகளுக்குப் பொறுப்பாக இருக்க ஆட்கள் முண்டியடிப்பார்கள். பரிசுப் பொருள் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குவதற்குக்கூட ஆள் கிடைக்கும். நன்றியுரை என்றதும் எல்லோருக்கும் திடீரென்று தொலைபேசி அழைப்பு வந்துவிடும். மிஞ்சுகிறவர் நீங்கள்.

நான் அந்த வேலையை விரும்பிச் செய்தவள். ஓய்வு பெறும்வரை விட்டுக்கொடுக்கவே இல்லை. கொழும்புக் கோட்டையில் இருந்த எங்கள் கப்பல் முகவர் கம்பனியில் நிர்வாகப் பிரிவில் இருந்தபடி எத்தனையோ குடும்ப நாட்களைப் பார்த்தேன். நன்றி சொல்வது வாயால் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே நன்றாக மாட்டிக்கொள்வார்கள். அது காலால் செய்கிற வேலை. சமையல் அண்டாக்கள் இறங்கும் இடத்துக்கு நடக்கவேண்டும், லொறிச் சாரதியின் பெயரைக் கேட்கவேண்டும், அலங்காரக்காரர் சாப்பிட்டார்களா என்று பார்க்கவேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். நீங்கள் சாப்பாட்டுக்காரரிடம் கொடுக்கும் தலைக்கணக்கில் ஊழியர் இருப்பார்கள், மனைவி பிள்ளைகள் இருப்பார்கள், மேளக்காரரும் இருப்பார். விடியற்காலையிலேயே வந்து துணி கட்டிய ஆட்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடாமல் மேடையில் மலர்ச்செண்டு கொடுப்பது நன்றியாகாது, கேலிதான்.

இன்னொன்று. நன்றியை அவர்கள் சாமான் கட்டத் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். விழா முடிந்த பிறகு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு "உணவு வழங்கியோருக்கும் அலங்கரித்தோருக்கும்" என்று சொன்னால் கேட்பதற்கு அங்கே கதிரைகள்தான் இருக்கும். ஆட்கள் லொறியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் எங்கள் குடும்ப நாளில் சாப்பாட்டு நேரத்தின் நடுவிலேயே நன்றியுரை வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். எல்லோருடைய கையிலும் பிளேட் இருக்கும், வாயில் ருசி இருக்கும். அப்போது சொல்கிற நன்றிக்கு ஒரு சூடு உண்டு. உணவு வழங்கியவரையும் அலங்காரம் செய்தவரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்போம். நிர்வாக இயக்குநர் ஆளுக்கொரு நினைவுச் சின்னம் கொடுப்பார். படம் எடுப்போம். அடுத்த கிழமை கம்பனிக் கடிதத்தாளில் தனித்தனியாக ஒரு கடிதமும் போகும். என்ன விழா, என்ன செய்தார்கள், எங்களுக்கு என்ன பிடித்தது என்று விவரமாக எழுதவேண்டும், ஏனென்றால் அடுத்த வாடிக்கையாளரிடம் அவர்கள் காட்டப்போவது அதைத்தான். "சிறப்பான சேவை" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு அவர்கள் விசிறலாம்.

இப்போது அந்த மழை நாளுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

அந்த வருடம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு கழக மைதானத்தில் விழா. உணவு கொட்டாஞ்சேனை செபஸ்தியன் அண்ணருடையது. துறைமுகப் பக்கத்துக் கம்பனிகளுக்கெல்லாம் சமைத்துப் பேர் எடுத்தவர், பெரிய உடம்பு, பெரிய குரல். சமையலை மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் குசினியில் முடித்து, அண்டாக்களை லொறியில் கொண்டுவந்து, இடத்தில் வைத்துச் சூடாக்கிப் பரிமாறுவார். அலங்காரம் கிருலப்பனை ரஜனியுடையது. கலியாண வீடுகளில் மணவறை சோடிக்கிற பெரிய குழு ஒன்றில் பல காலம் கைக்கு உதவியாக இருந்தவள், அதைவிட்டு விலகித் தனியாகத் தொடங்கியிருந்தாள். அலுவலக விழா அவளுக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் கட்டடத்தில் இருக்கும் மற்றக் கம்பனிகளின் நிர்வாகிகளையும் விருந்தினராக அழைத்திருந்தோம். அவர்கள் கண்ணில் பட்டால் அவளுக்கு வருடம் முழுக்க வேலை. படாவிட்டால், அல்லது பிழையாகப் பட்டால், அவள் பழைய குழுவிலேயே போய் மறுபடி பூக் கட்டவேண்டியதுதான். இதை அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு மட்டும் கண்வரை ஏறவில்லை.

காலையிலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டது. உணவு மேசைக்கு யாருடைய துணி விரிப்பது என்பதுதான் சண்டை. வழக்கப்படி பரிமாறும் மேசைக்குத் துணி சாப்பாட்டுக்காரருடையது. ரஜனிக்கு நிறம் ஒத்துவரவேண்டுமாம்.

"அண்ணை, உங்கட வெள்ளைத் துணி என்ர நீலத்துக்குள்ள ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு."

"தங்கச்சி, இது சாப்பாட்டு மேச. உன் நீலத்துல கறி சிந்துனா உன் மூஞ்சிதான் நீலமாகும்."

இறுதியில் மேலே வெள்ளையும் சுற்றிவரத் தொங்கும் துணி நீலமுமாக நான் தீர்ப்புச் சொன்னேன். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இது எல்லா விழாவிலும் நடக்கிறதுதான், பயப்படாதீர்கள்.

மைதானத்தின் அமைப்பைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். லொறி புல்லில் ஏறக்கூடாது என்று கழகத்தின் கட்டளை. அதனால் அண்டாக்கள் இறங்கி அடுப்பேறும் இடம் பின்கேற்றடியில் ஒரு கொட்டகை. சாப்பிடும் கூடாரம் மைதானத்தின் நடுவில். இரண்டுக்கும் இடையில் வெறும் புல்வெளி. கூடாரத்தின் பின்பக்கத்தை, சமையல்காரர் ஓடித்திரிவது தெரியாமல், ரஜனி நீலத் திரையால் மூடியிருந்தாள். முன்பக்கம் மேடை. மேடையில்தான் அவள் தன் திறமையையெல்லாம் கொட்டியிருந்தாள். குழாய்ச் சட்டத்தில் எழுந்த பெரிய வளைவு, அலையலையாகத் துணி, துணிப் பூக்கள், பின்னால் கம்பனியின் பெயரும் கப்பல் சின்னமும் அச்சடித்த பெரிய பிளெக்ஸ். விருந்தினரோடு எல்லோரும் அதன் கீழ் நின்று படம் எடுப்பதாக ஏற்பாடு. காலையில் அதைப் பார்த்தவுடன் எனக்கே ஒருமுறை அதன் கீழ் நின்று பார்க்கவேண்டும் போலிருந்தது. நின்றும் பார்த்தேன்.

சாக்கோட்டம் முடிந்து, கயிறிழுத்தலில் கணக்குப் பிரிவு விழுந்து புரண்டு எழும்பிய நேரத்தில் கடல் பக்கம் கறுத்தது. வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கறுப்புத் தெரியும். குடை விரிக்குமுன் கொட்டிவிடும். எல்லோரும் கூடாரத்துக்குள் ஓடி வந்து ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பசி என்று தொடங்கினார்கள். சாப்பாடோ அந்தக் கரையில்.

நான் பின்கேற்றுக்கு ஓடினேன். இடம் பார்க்க வந்த அன்றே செபஸ்தியன் அண்ணரிடம் கேட்டிருந்தேன், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று. "பெரிய தார்ப்பாய்ப் படங்கு ரெண்டு இருக்கு மிஸ், கம்பத்துல கட்டி வழிக்குக் கூர போட்டுருவேன், நீங்க நிம்மதியா இருங்க" என்று சொன்னவர். இப்போது கொட்டகையில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"படங்கு எங்க அண்ணை?"

அந்தப் பெரிய குரலுக்கு என்ன நடந்ததென்று தெரியவில்லை. அவருடைய சமையல்காரர்தான் மெதுவாகச் சொன்னார். கொட்டாஞ்சேனையில் அதே நாள் ஒரு பெருநாள் விருந்து. அங்கே வெயில் மறைக்கப் படங்கு வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். காலையில் வானம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அண்ணர் இரண்டையும் அங்கே அனுப்பிவிட்டார்.

மூடியைக் கொண்டு மூடி எடுத்துப் போகலாமே என்று நினைப்பீர்கள். பரிமாறும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள் நனைந்த புல்லில் அவ்வளவு தூரம் ஓடவேண்டும். ஒருவர் வழுக்கினால் ஒரு தட்டுப் பிரியாணி புல்லுக்கு. மூடியின் விளிம்பால் நீர் வழிந்து உள்ளே போகும். அதோடு அந்தப் பக்கம்தான் கழிவறையும், சனமும் அந்த வழியால்தான் போய்வரவேண்டும். மரக்கறிச் சாப்பாட்டையும் ஹலால் சாப்பாட்டையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு அகப்பைகளோடு கொண்டுபோகிறார்கள். அவசரத்தில் அது கலந்தால் பிறகு எந்த நன்றியுரையும் உதவாது.

அந்த நேரம் ரஜனி வந்தாள். தன் பூக்கள் நனைகின்றன என்று சொல்லத்தான் வந்தாளென்று நினைத்தேன். அவள் அண்டாக்களைப் பார்த்தாள், புல்வெளியைப் பார்த்தாள், அண்ணரின் முகத்தைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, தமிழிலும் சிங்களத்திலும் மாறிமாறிக் கத்தினாள். "வளைவைக் கழட்டுங்கோ! பிளெக்ஸையும்! கலவன்ன, கலவன்ன!"

"ரஜனி, அது மேடை," என்றேன்.

"சோறு நனைஞ்சா மேடையை ஆர் பாக்கிறது அக்கா?"

நான் எத்தனையோ நெருக்கடிகளைப் பார்த்தவள். கப்பல் தரை தட்டிய இரவுகளில்கூட வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மனுசி தன் கையால் கட்டியதை, தன் வருங்காலத்தைக் கட்டி நிறுத்திய அந்த ஒன்றை, ஒரு மூச்சு யோசிக்காமல் கழற்றச் சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு மேல் சிலிர்த்தது. இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது.

பாட்டுப் போட்டி என்று சொல்லிச் சனத்தைக் கூடாரத்துக்குள் திருப்பி வைத்திருக்க அறிவிப்பாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மேடையின் முன்னால் ஒரு கறுப்புத் திரை இழுத்தார்கள். அதன் பின்னால் வளைவு துண்டு துண்டாகக் குழாய்களானது. குழாய்கள் புல்வெளியில் இரண்டு வரிசையாக எழுந்தன. கம்பனியின் பெயர் போட்ட பிளெக்ஸ் கூரையானது. அது எட்டாத இடத்துக்குப் பூக்களைச் சுற்றிவந்த பிளாஸ்திக் விரிப்புகள். இரண்டு பக்கமும் நீலத் துணியைத் தொங்கவிட்டு, அடித்த சாரல் உள்ளே வராமல் செய்தார்கள். ரஜனியின் ஆட்களில் ஒருத்தி கைநிறையத் துணிப் பூக்களை எடுத்து அந்தத் துணியின் உட்பக்கத்தில் குத்திக்கொண்டே போனாள். அந்த அவசரத்தில் பூ எதற்கென்று கேட்டேன். "துணி மட்டும் இருந்தா ஏதோ பிழைச்சுப்போச்செண்டு சனத்துக்கு விளங்கிடும்" என்றாள்.

ஒன்றுதான் சரிவரவில்லை. குழாய் நிற்பதற்கு அடியில் பாரமான இரும்புத் தட்டுகள் வேண்டும். வளைவுக்கு வேண்டிய அளவுதான் அவர்கள் கொண்டுவந்தது. மண்ணில் ஊன்றினால் ஈரத்தில் புதைந்து சாய்ந்தது. கடற்காற்று பிளெக்ஸின் அடியில் புகுந்து பாய்மரம் மாதிரித் தூக்கியது. அப்போது ரஜனியின் ஆள் ஒருவர் ஒரு குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பக்கத்துக் குழாயைச் செபஸ்தியன் அண்ணரின் சமையல்காரர் பிடித்தார். அடுத்ததை லொறிச் சாரதி. விளக்கு வயர் இழுக்க வந்தவர் ஒன்றை. பூக் குத்தியவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்றை. உள்ளே நின்றால் தட்டுகளுக்கு வழி மறையும் என்பதால் எல்லோரும் துணிக்கு வெளியே நின்றார்கள். மழைக்குள்.

சாப்பாடு வந்தது. ஆவி பறக்க, ஒரு துளி நனையாமல் வந்தது. கூடாரத்துக்குள் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? பின்பக்கத் திரையில் ஒரு வாசல் திறந்தது, அதற்குள் பூவாய்ச் சொரிந்த ஒரு நீலப் பாதை தெரிந்தது, அதற்குள்ளிருந்து வெள்ளைத் தொப்பிக்காரர் வரிசையாகப் பிரியாணி கொண்டுவந்தார்கள். "ஆ!" என்று ஒரு சத்தம். பிள்ளைகள் அந்தப் பாதைக்குள் ஓடி விளையாடத் தொடங்கினார்கள். இளம் சோடிகள் உள்ளே நின்று படம் எடுத்தார்கள். என்ன அழகான யோசனை என்று விருந்தினர் ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

நான் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? மழையில் இரண்டு வரிசை மனிதர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு குழாயை நெஞ்சோடு அணைத்தபடி. காற்று எழும்போது ஒருவர் "அல்லன்ன!" என்று குரல் கொடுப்பார், இறுக்கிப் பிடிக்கச் சொல்லி. உடனே அத்தனை உடம்பும் ஒன்றாகக் குனியும். காற்று போனதும் நிமிரும். துணிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரித்து ஓடும் சத்தம். அதைக் கேட்டு இவர்களும் சிரித்தார்கள். முகத்தால் வழிந்த நீரைத் துடைக்க யாருக்கும் கை இல்லை. நான் கோயில் குளம் என்று அதிகம் போகாதவள். ஆனால் அங்கே செருப்போடு நிற்கக் கூச்சமாக இருந்தது.

இனி நன்றியுரை. இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும்.

நிர்வாக இயக்குநர் பிந்தித்தான் வந்தார். மழையில் காலி நகருக்குப் போகும் வீதியில், வாகன நெரிசலில் சிக்கியிருந்தார். வந்ததும் அவர் கண்டது கறுப்புத் திரையையும் வெறும் மேடையையும் மட்டுமே. நான் அவரிடம் நன்றி சொல்லவேண்டிய பெயர்கள் எழுதிய துண்டைக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "எங்கள் பெயர் எங்கே? வெளிக் கம்பனிக்காரரை அழைத்துவைத்து, பெயரே இல்லாத மேடையில் நிற்கச் சொல்கிறீர்களா?" நான் வாய் திறக்குமுன், "உணவுக்காரருக்கு மட்டும் கொடுக்கலாம், சாப்பாடு அருமை என்கிறார்கள். ஒப்புக்கொண்டதைச் செய்யாதவருக்கு மேடையில் நன்றி சொன்னால் மற்றவருக்கு என்ன மரியாதை?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமும்கூட.

நடந்ததை அவரிடம் ஒரே வசனத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வசனத்தைச் செபஸ்தியன் அண்ணரின் படங்கு இல்லாமல் சொல்ல முடியாது. பக்கத்தில் கொள்வனவுப் பிரிவுத் தலைவரும் இரண்டு விருந்தினரும் நின்றார்கள். துறைமுகப் பக்கத்தில் ஒரு கதை ஒரு கம்பனியில் தும்மினால் மறு கம்பனியில் சளி பிடிக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு பின்னால் போனேன். ரஜனி ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"அக்கா, பெரிய சேரிட்டச் சொல்லாதேங்கோ. நான் இதுக்கு முதல் ஒரு கம்பனிக்கும் செய்ததில்லை, எனக்கு இழக்க ஒண்டுமில்லை. அந்த அண்ணை இவ்வளவு காலமாக் கட்டின பேர் அது. அவருக்குக் கீழ எத்தினை குடும்பம் சாப்பிடுது."

"அப்ப உன்ர பேர்?"

"அது வரேக்க வரட்டும்." மழை என்றபடியால் அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். ஒருவருக்கு உண்மையாக நன்றி சொன்னால் இன்னொருவர் தலைகுனியவேண்டிவரும். சொல்லாமல் விட்டால் செய்தவர் அவமானத்தோடு வீட்டுக்குப் போவார். அப்போது உங்கள் மேசையில் இருந்து தீர்ப்பு எழுதாதீர்கள். அது உங்கள் சொத்து இல்லை. யாருடைய தலை குனியப்போகிறதோ அவரிடமே போங்கள். நிர்வாக இயக்குநரிடம் சொல்லாதேங்கோ என்றுதான் ரஜனி கேட்டாள். செபஸ்தியன் அண்ணரிடம் சொல்லாதேங்கோ என்று கேட்கவில்லை. நான் கொட்டகைக்குப் போனேன். அவர் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இப்ப மேடைக்குக் கூப்பிடுவினம். ஒரு நினைவுச் சின்னம்தான். உங்களுக்கு மட்டும். மேடையில கம்பனிப் பேர் இல்லையெண்டு சேருக்குக் கோவம்."

அவ்வளவுதான் சொன்னேன். இதைச் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்க எனக்கென்ன உரிமை? அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

மேடையில் நிர்வாக இயக்குநர் அழகாகப் பேசினார். உணவைப் புகழ்ந்தார், அந்தப் பூப்பாதையைக்கூடப் புகழ்ந்தார், இதுவரை எந்த விழாவிலும் உணவு இவ்வளவு அழகாக வந்து பார்த்ததில்லை என்று. அதுவும் சாப்பாட்டுக்காரருடைய யோசனை என்றே அவர் நினைத்திருந்தார். செபஸ்தியன் என்று பெயர் சொல்ல, கைதட்டலுக்குள் அண்ணர் ஏறினார். நினைவுச் சின்னத்தை நீட்டினார்கள். அண்ணர் வாங்கவில்லை. ஒலிவாங்கியைக் கேட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நமக்கு மேடையில பேசத் தெரியாது, சமைக்கத்தான் தெரியும். மழைக்கு வழி போடுறது என் பொறுப்பு. அதுக்கு வச்சிருந்த படங்கை நான் வேற எடத்துக்கு அனுப்பிட்டேன். பிழை என்னோடது. நீங்க சாப்பிட்ட சோறு இந்தக் கரைக்கு வந்தது ரஜனி தங்கச்சியால. இந்த மேடையில இருந்ததெல்லாம் கழட்டி எனக்குக் கூர போட்டா. கம்பனிப் பேரு எங்கன்னு கேக்குறாங்களாம். சோத்துக்கு மேல இருக்குது, சேர்." அதையே சிங்களத்திலும் சொன்னார், நிர்வாக இயக்குநரின் முகத்தைப் பார்த்து. பிறகு கூடாரத்தின் பின்பக்கம் திரும்பி அந்தப் பழைய பெரிய குரலில் கத்தினார்:

"திரையத் தொறங்கடா! பாதைத் துணியையும் தூக்கு!"

திரை ஒதுங்கியது. பாதையின் பக்கத் துணியைச் சுருட்டி மேலே தூக்கினார்கள். கதிரைகள் எல்லாம் திரும்பின.

அங்கே மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. அதற்குள் அவர்கள் நின்றார்கள். சமையல்காரரும், பூக் குத்தியவளும், சாரதியும், விளக்குக்காரரும், ரஜனியும், தலைமயிர் நெற்றியில் ஒட்ட, குழாயை அணைத்தபடி. தங்களை இவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சத்தில் ஒருவர் சிரித்தார். ஆனால் யாரும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் கூரை போய்விடும்.

பாதைக்குள் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நின்ற சாரதியை அண்ணாந்து பார்த்து, "அங்கிள், நீங்க இங்கயா நிண்டனீங்கள்?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. பிறகு ஒருவர் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். அந்தக் கைதட்டலை நான் என் வாழ்நாளில் வேறெங்கும் கேட்டதில்லை. மழைச் சத்தமே கேட்கவில்லை. நான் எழுதி வைத்திருந்த நன்றியுரை என் கையிலேயே இருந்தது. அதை வாசிக்கத் தேவை இருக்கவில்லை.

நிர்வாக இயக்குநர் மேடையைவிட்டு இறங்கினார். என்னிடம் இருந்த மற்ற நினைவுச் சின்னத்தை வாங்கிக்கொண்டு நேரே ரஜனியிடம் போனார். நீட்டினார். அவளால் எப்படி வாங்க முடியும்? இரண்டு கையும் குழாயில். கைகொடுக்கப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. நினைவுச் சின்னத்தை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். மழைக்குள் இறங்கி, அவள் பிடித்திருந்த குழாயைத் தான் பிடித்தார். "கிஹின் கன்ன" என்றார், போய்ச் சாப்பிடச் சொல்லி.

அதைக் கண்டதும் கணக்குப் பிரிவு ஓடியது. சுங்கப் பிரிவு ஓடியது. கயிறிழுத்தலில் தோற்றவர்களும் வென்றவர்களும், ஊழியப் பெண்களின் புருஷன்மாரும், வெளிக் கம்பனி விருந்தினர் இருவரும். ஆளுக்கொரு குழாயை வாங்கிக்கொண்டார்கள். குழாயை விட்டவர்களைப் பெண்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விருந்தினர் மேசையிலேயே உட்காரவைத்துத் துவாய் கொடுத்தார்கள். செபஸ்தியன் அண்ணர் பரிமாற யாரையும் விடவில்லை. தானே பிளேட் எடுத்தார். ரஜனியின் முன்னால் ஒன்றை வைத்தார். இன்னொரு துண்டு கோழி வைத்தார். போதும் என்று அவள் கையை மறித்தாள். அந்தக் கைக்கு மேலாலேயே இன்னொன்று வைத்தார்.

அவள் ஒரு பிடி வாயில் வைத்தாள். மெல்லாமல் நிறுத்தினாள். அவள் கண் சாப்பாட்டில் இல்லை. கூரையின் ஒரு மூலை தணிந்து, பிளெக்ஸில் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. அந்த மூலையில் நிற்பவர் எவ்வளவு பெரியவர் என்று அவள் யோசிக்கவே இல்லை. எழும்பி நின்று, சோற்றுக் கையை நீட்டி, தன் ஆட்களிடம் கத்துகிற அதே குரலில் கத்தினாள்:

"சேர்! டிகக் உஸ்ஸன்ன! இன்னும் உயர்த்துங்கோ!"

எங்கள் நிர்வாக இயக்குநர், "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிக்கொண்டு, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார்.